100 ரூபா எல்இடி பல்பை ரிப்பேர் பண்றது லாபமா? ஒரு சிஏவோட கணக்கு

செலவைக் குறைக்கிற வீடியோ எது போட்டாலும் கீழ ஒரு கேள்வி கண்டிப்பா வந்துடுது. "சார், ஃப்யூஸ் போன எல்இடி பல்பை 2 ரூபாயில சரி பண்ணலாம்னு சொல்றாங்களே, உண்மையா?"

உண்மைதான். 2 ரூபா கூட ஆகாது. ஆனா அந்த 2 ரூபா ரிப்பேரை நானே பண்ணிப் பார்த்து, அஞ்சே வாரத்துல அதே பல்ப் மறுபடியும் செத்துப்போன அனுபவமும் எனக்கு இருக்கு. அதனால, செத்த சிப்பை மட்டும் மாத்துறது அரைகுறை வேலைங்கிறதுதான் என் கருத்து. சிப் ஏன் செத்ததுங்கிறதையும் சேர்த்துச் சரி பண்ணாதான் இந்தக் கணக்கு தேறும். அதுவும் எல்லாருக்கும் தேறாது.

முதல்ல ஆடிட்டர் வேலை. பல்ப் அட்டைப்பெட்டியில பொதுவா 25,000 மணி நேரம்னு போட்டிருப்பாங்க. ஒரு நாளைக்கு 6 மணி நேரம்னு வெச்சா 11 வருஷத்துக்கு மேல வருது. அதே பெட்டியில வாரன்டி எவ்வளவுன்னு பாருங்க. பெரும்பாலும் ஒரு வருஷம், இல்லனா ரெண்டு. 11 வருஷம் உழைக்கும்னு சொல்றவங்க ஒரு வருஷத்துக்குத்தான் பொறுப்பு எடுத்துக்கறாங்கன்னா, நான் ரெண்டாவது எண்ணைத்தான் நம்புவேன். அந்த 25,000 பொதுவா நல்லா காத்தோட்டம் இருக்கிற இடத்துல சிப் எவ்வளவு நாள் தாங்கும்ங்கிற கணக்கு. உங்க வீட்டு மூடின டூம் உள்ள 60, 70 டிகிரி சூட்டுல வெந்துட்டிருக்கிற பல்போட கணக்கு இல்ல.

அதனால ஸ்க்ரூ டிரைவரைத் தொடறதுக்கு முன்னாடி பில்லைத் தேடுங்க. பல்ப் உடம்புலயே மாசம், வருஷம் அச்சடிச்சிருப்பாங்க. வாரன்டி உள்ள இருந்தா கடைக்காரர்கிட்ட கொடுத்து மாத்திக்கிட்டு வந்துடுங்க. ஒரு தடவை மேல் மூடியைப் பிரிச்சுட்டா வாரன்டி போச்சு.

உள்ள என்ன நடக்குது

இன்னைக்குக் கடையில கிடைக்கிற சாதாரண 9 வாட் பல்ப் பலதுல தனி டிரைவர் போர்டே கிடையாது. வட்டமான ஒரே அலுமினிய போர்டுல எல்லாமே இருக்கும். ஓரத்தைச் சுத்தி மஞ்சள் மஞ்சளா சிப்புங்க, நடுவுல ஒரு சின்ன ஐசி, ஏசியை டிசி ஆக்குற பிரிட்ஜ், ஒன்னு ரெண்டு ரெசிஸ்டர், கழுத்துக்குள்ள தொங்கற ஒரு கெப்பாசிட்டர். அவ்வளவுதான்.

சிப்புங்க எல்லாம் ஒன்னுக்கப்புறம் ஒன்னா, தொடரா கோத்திருக்கும். கோயில் திருவிழா சீரியல் செட்டை நினைச்சுக்கங்க. ஒரு சிப்புக்குள்ள இருக்கிற தலைமுடியை விட மெல்லிசான கம்பி சூட்டுல விட்டுப்போனா, கரன்ட் போற வழி அடைஞ்சுடும், மீதி 15 சிப் நல்லா இருந்தாலும் மொத்தமும் அணைஞ்சுடும். மூடியைக் கழட்டிப் பார்த்தா அந்த ஒரு சிப்புல மட்டும் மஞ்சளுக்கு நடுவுல ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். சில பல்ப் எரியும், ரெண்டு நிமிஷத்துல அணையும், ஆறினதும் மறுபடி எரியும். அதுவும் இதே வியாதிதான், கம்பி முழுசா விடல, சூடானா மட்டும் விலகுது.

கெப்பாசிட்டர் போனா அறிகுறி வேற. பல்ப் எரியும், ஆனா மங்கலா, துடிச்சுக்கிட்டே இருக்கும். செல்போன் கேமராவுல பார்த்தா கறுப்புக் கோடு கோடா ஓடும். (விலை மலிவான சில பல்புல புதுசா வாங்கின அன்னைக்கே அந்தக் கோடு ஓடும். அதுல கெப்பாசிட்டரே வெச்சிருக்க மாட்டாங்க.) கழட்டிப் பார்த்தா கெப்பாசிட்டரோட தலை தட்டையா இல்லாம உப்பியிருக்கும்.

என்னோட முதல் தோல்வி

திருச்சியில அம்மா வீட்டு சமையலறை பல்ப். கறுப்புப் புள்ளி சிப்பைக் கண்டுபிடிச்சேன். வீடியோவுல சொன்ன மாதிரி அந்தச் சிப்பைச் சுரண்டி எடுத்துட்டு, ரெண்டு பக்கத்தையும் ஈயத்தால இணைச்சு விட்டேன். எரிஞ்சது. அம்மாகிட்ட பெருமையா காட்டினேன். "படிச்ச படிப்பு வீண் போகலடா"ன்னாங்க. அஞ்சு வாரத்துல போன் வந்தது, பல்ப் போயிடுச்சுன்னு.

பிரிச்சா, வேற ஒரு சிப்புல கறுப்புப் புள்ளி.

தெருமுனை எலக்ட்ரிகல் சர்வீஸ் கடை அண்ணன்கிட்ட எடுத்துட்டுப் போனேன். ஒரு பார்வை பார்த்துட்டு, "தம்பி, நீங்க சிப்பைத்தான் மாத்துனீங்க, கரன்ட்டை மாத்தலையே"ன்னாரு. அந்த ஒரு வரியில பாதி விஷயம் அடங்கிடுச்சு.

எண்ணா போட்டுப் பார்ப்போம். அந்த பல்புல 16 சிப், ஒவ்வொன்னும் 18 வோல்ட். 16 × 18 = 288 வோல்ட். 9 வாட்டை 288-ஆல வகுத்தா ஒரு சிப் வழியா சுமாரா 31 மில்லிஆம்பியர் ஓடுது. எத்தனை சிப் இருந்தாலும் இந்தக் கரன்ட்டை ஐசி மாறாம வெச்சிருக்கும். நான் ஒரு சிப்பை ஷார்ட் பண்ணினதால மத்த சிப்புக்கு எந்த நிம்மதியும் கிடைக்கல, அதே 31. அதுக்கு மேல, அந்தச் சிப் எடுத்துக்கிட்டிருந்த 18 வோல்ட் இப்போ ஐசி தலையில விழுது. 18 வோல்ட்டும் 31 மில்லிஆம்பியரும் பெருக்கினா அரை வாட்டுக்கு மேல கூடுதல் சூடு, அதே சின்ன போர்டுலயே. ஏற்கனவே சூட்டால செத்த பல்புக்கு நான் இன்னும் கொஞ்சம் சூடு ஏத்தியிருக்கேன்.

தனி டிரைவர் போர்டு வெச்ச டியூப் லைட்டுலயும் பேனல்லயும் ஒரு சிப்பை ஷார்ட் பண்றது இந்த அளவுக்குத் தப்பில்ல. அங்க டிரைவர் பொதுவா வோல்டேஜைத் தானே குறைச்சுக்கும். இந்த ஒரே போர்டு பல்புலதான் அது வேலைக்கு ஆகாது.

ஆறு பல்ப், ஒரு ஞாயித்துக்கிழமை

அதுக்கப்புறம் அம்மா வீட்டுல செத்தது எல்லாத்தையும் தூக்கிப் போடாம ஒரு ஸ்வீட் பாக்ஸ்ல போட்டு வெக்கச் சொன்னேன். ஆறு சேர்ந்தது. ஆறும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். இது முக்கியம், ஏன்னு கீழ தெரியும்.

மூடியைச் சுத்தி சிலிக்கான் பசை இருக்கும். பழைய கத்தியால மெதுவா சுத்திக் கீறி, திருகினா வந்துடும். இந்த இடத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க. பல வீடியோவுல, திறந்த பல்பை ஹோல்டர்ல மாட்டி சுவிட்சைப் போட்டு, ட்வீசரால ஒவ்வொரு சிப்பா ஷார்ட் பண்ணி, எது செத்ததுன்னு கண்டுபிடிப்பாங்க. தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. இந்த போர்டுக்கும் மெயின்ஸுக்கும் நடுவுல டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் கிடையாது. 230 வோல்ட் ஏசி பிரிட்ஜ் வழியா வந்தா உச்சத்துல 325 வோல்ட் டிசி. உங்க ட்வீசர் நுனியில இருக்கிறது அதுதான். சுவிட்சை அணைச்ச பிறகும் கெப்பாசிட்டர் கொஞ்ச நேரம் அதைப் பிடிச்சு வெச்சிருக்கும். கழட்டி அஞ்சு நிமிஷம் விட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வெச்சு கெப்பாசிட்டர் கால்ல அளந்து, ஒன்னு ரெண்டு வோல்ட்டுக்குக் கீழ வந்ததும் தொடுங்க. இறங்கலைன்னா 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்னைக் குறடால பிடிச்சு அந்த ரெண்டு கால்லயும் சில விநாடி வெச்சா இறங்கிடும்.

சிப்பைச் சோதிக்க மெயின்ஸே வேண்டாம். மூணு 9 வோல்ட் பேட்டரியைத் தொடரா கோத்து, ஒரு 4.7 கிலோஓம் ரெசிஸ்டரைச் சேர்த்து, ரெண்டு ஊசி முனை. 27 வோல்ட், அதிகபட்சம் 5, 6 மில்லிஆம்பியர். ஒவ்வொரு சிப்போட ரெண்டு பக்கமும் தொட்டா நல்ல சிப் மெல்லிசா எரியும், செத்தது எரியாது. எதுவுமே எரியலைன்னா முனையை மாத்திப் பிடிச்சிருக்கீங்க. எரியும்போதே மல்டிமீட்டரை அதே சிப்புல வெச்சு வோல்ட்டைப் படிச்சா சிப் எந்த ரகம்னும் தெரிஞ்சுடும். 16, 17 காட்டினா அது 18 வோல்ட் சிப். 8 சொச்சம்னா 9 வோல்ட். மல்டிமீட்டரோட டயோடு மோடை மட்டும் நம்பாதீங்க. அது கொடுக்கிறது பொதுவா 3 வோல்ட் சுத்தி, 18 வோல்ட் சிப் அதுல எரியவே எரியாது. நல்ல சிப் எல்லாமே செத்ததா தெரியும்.

ஆறுல நாலு பல்புல சிப் கோளாறு, மொத்தம் அஞ்சு செத்த சிப். ஒன்னுல கெப்பாசிட்டர் உப்பியிருந்தது. இன்னொன்னுல எல்லா சிப்பும் நல்லா இருந்தது, ஆனா நுழைவாயில்ல இருக்கிற ஃப்யூஸ் ரெசிஸ்டர் எரிஞ்சு போயிருந்தது. அந்தக் கடைசியை நான் ரிப்பேர் பண்ணல. ஃப்யூஸ் ரெசிஸ்டர் சும்மா எரியாது, பின்னாடி பிரிட்ஜோ ஐசியோ ஷார்ட் ஆகியிருக்கணும். புதுசா வெச்சாலும் அதுவும் எரியும். ஆனா அதுல 16 நல்ல சிப் இருந்ததே, அதுதான் என் உதிரி பாகக் கடை. ஒரே மாடல்ங்கிறதால வோல்டேஜ் பொருந்துமா, நிறம் பொருந்துமாங்கிற கவலை இல்ல. வெளியில சிப் வாங்குறதா இருந்தா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துல 2835 சைஸ்னு கேக்கணும், கூடவே எத்தனை வோல்ட்னு கேக்கணும். 18 வோல்ட் இடத்துல 3 வோல்ட் சிப் வெச்சா எரியும், ஆனா மீதி 15 வோல்ட் ஐசிக்குப் போகும். ஷார்ட் பண்ணின கதைதான் மறுபடியும்.

பத்த வைக்கிறதுல ஒரு தொல்லை உண்டு. அலுமினிய போர்டு சூட்டை உறிஞ்சிடும், 25 வாட் சால்டரிங் அயர்ன் திணறும். 60 வாட் வேணும். சிப்போட ரெண்டு பக்கமும் தொடற மாதிரி தாராளமா ஈயத்தை உருக்கி ஒரே நேரத்துல சூடாக்கினா சிப் வழுக்கிக்கிட்டு வந்துடும். எடுக்கிறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கங்க. சிப்போட ஒரு மூலை வெட்டியிருக்கும், எல்லா சிப்பும் எந்தப் பக்கம் பார்த்திருக்குன்னு அதுல தெரியும். திருப்பி வெச்சா பல்ப் எரியாது.

கெப்பாசிட்டர் பல்புக்கு பழசுல எழுதியிருந்த மாதிரியே 4.7 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் வாங்கினேன். கடையில 85 டிகிரி, 105 டிகிரின்னு ரெண்டு ரகம் கொடுப்பாங்க. 105-ஐயே கேளுங்க, பல்ப் கழுத்துக்குள்ள அந்தச் சூடு வரும். கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். அதை மாத்தி வெச்சா சும்மா எரியாம இருக்காது, வெடிக்கும்.

கரன்ட்டைக் குறைக்கிற வேலை

இப்போ அந்த அண்ணன் சொன்னது. ஐசி பக்கத்துல ரெண்டு குட்டி ரெசிஸ்டர் ஒட்டி ஒட்டி, ஒரே ரெண்டு தடத்துக்கு நடுவுல இணையா இருக்கும். எவ்வளவு கரன்ட் ஓடணும்னு ஐசிக்குச் சொல்றது அதுதான். என் பல்புல ஒன்னுல 330, இன்னொன்னுல 470-ன்னு எழுதியிருந்தது. 330-னா 330 ஓம் இல்ல, 33-க்குப் பின்னாடி சைபர் எதுவும் இல்லன்னு அர்த்தம், அதாவது 33 ஓம். அடுத்தது 47 ஓம். ரெண்டும் இணையா இருக்கும்போது 19.4 ஓம்.

47-ஐ மட்டும் எடுத்துட்டா மிச்சம் 33. கரன்ட் இதுக்கு நேர்மாறா போகும், 19.4 ÷ 33, அதாவது பழசுல 59 சதவீதம். 31 மில்லிஆம்பியர் 18-க்கு வந்துடுது, 9 வாட் பல்ப் சுமாரா 5.3 வாட் ஆகுது. எப்பவும் பெரிய எண் உள்ளதைத்தான் எடுக்கணும். தவறி 33-ஐ எடுத்தா கரன்ட் 41 சதவீதத்துக்கு இறங்கி பல்ப் ராத்திரி விளக்கு ஆயிடும். கெப்பாசிட்டர் பக்கத்துல லட்சக்கணக்கான ஓம்ல தனியா ஒரு ரெசிஸ்டர் இருந்தா அதைத் தொடாதீங்க, அது கெப்பாசிட்டரை இறக்கி விடற ரெசிஸ்டர்.

வெளிச்சமும் குறையும், அதை மறைக்கல. ஆனா 41 சதவீதம் குறையாது, ஏன்னா குறைஞ்ச கரன்ட்லயும் குறைஞ்ச சூட்டுலயும் சிப் இன்னும் திறமையா வேலை செய்யும். ஹால், வராண்டா, மாடிப்படி, பாத்ரூம் இதுக்கெல்லாம் பிரச்சினையே இல்ல. படிக்கிற மேஜைக்கும் காய் நறுக்குற இடத்துக்கும் வேண்டாம்.

வேலை முடிஞ்சதும் மூடியை சிலிக்கான் பசையால ஒட்டாம மாட்டவே கூடாது. உள்ள எல்லாமே மெயின்ஸோட தொட்டிருக்கு. முதல் தடவை சுவிட்ச் போடறப்போ ஒரு பழைய குண்டு பல்பை சீரிஸ்ல வெச்சு போடுங்க. நம்ம வேலையில ஷார்ட் இருந்தா அந்தக் குண்டு பல்ப் பிரகாசமா எரிஞ்சு காட்டிக் கொடுக்கும், வீட்டு ஃப்யூஸ் போகாது.

சரி, லாபமா நஷ்டமா

அஞ்சு பல்ப் எரிஞ்சது. ரெண்டரை மணி நேரம் ஆச்சு. புது பல்ப் 100 ரூபான்னா 500 ரூபா மிச்சம். செலவு: சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், பேட்டரி, ஈயம், ஒரு கெப்பாசிட்டர் எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 900. முதல் ஞாயித்துக்கிழமை நஷ்டம் 400.

இங்க சிலர் இன்னொரு கணக்கைக் கொண்டு வருவாங்க. மாசம் 45,000 சம்பளம், 22 நாள், 9 மணி நேரம், ஆக மணிக்கு 227 ரூபா. ரெண்டரை மணி நேரத்துக்கு 568. அதையும் செலவுல சேர்க்கணும்னு. நான் சேர்க்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்த ரெண்டரை மணி நேரத்துக்கு உங்க ஆபீஸ் 568 ரூபா தரத் தயாரா இருந்தா சேருங்க. இல்லன்னா அது வராத வருமானம், அதைச் செலவா எழுதறது தப்பு. ஆனா அந்த நேரத்துல நீங்க ஃப்ரீலான்ஸ் வேலை பண்றவரா இருந்தா கண்டிப்பா சேருங்க, பல்பைப் புதுசாவே வாங்குங்க.

யாருமே எழுதாத வரவு ஒன்னு இருக்கு. பல்புக்கு 3.7 வாட் குறைஞ்சிருக்கு. ஒரு நாளைக்கு 6 மணி நேரம் எரிஞ்சா வருஷத்துக்கு 8 யூனிட். அஞ்சு பல்புக்கு 40. யூனிட் 5 ரூபான்னு வெச்சா வருஷம் 200 ரூபா. ரெண்டாவது வருஷத்துல அந்த 400 நஷ்டம் அடைஞ்சுடுது. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டைத் தாண்டாத வீடா இருந்தா இந்த வரவு சைபர், ஏன்னா தமிழ்நாட்டுல அந்த 100 யூனிட் எப்படியும் இலவசம்தான்.

அதனால என் தீர்ப்பு இப்படித்தான் போகுது. பேச்சுலர் ரூம்ல ஒரு பல்ப் போனா புதுசு வாங்குங்க, இதுக்காக 900 ரூபாக்குச் சாமான் வாங்காதீங்க. ஊர்ல பெரிய வீடு, ஒரே மாடல் பல்ப் பத்து பதினஞ்சு இருக்கு, அயர்ன் ஏற்கனவே வீட்டுல இருக்குன்னா சேர்த்து வெச்சு ஒரே நாள்ல பண்ணுங்க. மெயின்ஸ் வேலை பழக்கமே இல்லாதவங்க பக்கத்து சர்வீஸ் கடையில கொடுத்து, "சிப் மாத்திட்டு ஒரு ரெசிஸ்டரையும் எடுத்துடுங்கண்ணே"ன்னு கேளுங்க. பத்து பல்பா கொண்டு போனா விலை பேசலாம். சீலிங் பேனல் லைட் போனா மட்டும் ஒரு பல்பா இருந்தாலும் தூக்கிப் போடாதீங்க. அதுல டிரைவர் தனிப் பெட்டியா, பிளக் மாதிரி மாட்டற கனெக்டரோட வரும். அது மட்டும் போயிருந்தா அதே வாட், அதே மில்லிஆம்பியர் எழுதின டிரைவரை வாங்கி எலக்ட்ரீஷியன்கிட்ட கொடுத்தா போதும், பேனல் விலையில சின்னப் பங்குதான் ஆகும்.

அம்மா வீட்டு அஞ்சு பல்புல நாலு 14 மாசமா எரியுது. அஞ்சாவதைச் சமையலறையில மாட்டியிருந்தேன். மூணாம் நாளே, "டேய், கடுகுக்கும் மிளகுக்கும் வித்தியாசம் தெரியல"ன்னு கழட்டி வராண்டாவுல மாட்டிட்டு, கடையில போய் ஒரு 12 வாட் வாங்கிட்டு வந்துட்டாங்க. பில்லை மட்டும் எனக்காக எடுத்து வெச்சிருக்காங்க.